ஏடிஎக்ஸ் 25-ஐத் தாண்டினால் போக்கு என்று நம்பலாமா? ஒரே ஒரு கேப் செய்யும் வேலை

அந்திவெயில் | ஆகஸ்ட் 4, காலை

தினசரி வரைபடத்தில் ஓர் எளிய விதியை வைத்துக்கொண்டு வணிகம் செய்துவருகிறேன். போக்கின் வலிமையை அளக்கும் ஏடிஎக்ஸ் 25-க்கு மேல் இருந்தால் போக்கு உத்தி, அதாவது விலை சற்றுப் பின்வாங்கும்போது போக்கின் திசையிலேயே நுழைவது. 20-க்குக் கீழ் இருந்தால் பக்கவாட்டு உத்தி, அதாவது மேல் விளிம்பில் விற்று, கீழ் விளிம்பில் வாங்குவது. இரண்டுக்கும் நடுவில் இருந்தால் ஒதுங்கியிருப்பது. கடந்த இரண்டு மாதக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது, நட்டத்தில் முடிந்த 7 வணிகங்களும் ஏடிஎக்ஸ் 25-க்கு மேல் இருந்தபோது எடுத்தவை என்று தெரிந்தது. அந்த நாட்களில் வரைபடத்தைக் கண்ணால் பார்த்தால் விலை பக்கவாட்டில்தான் நகர்ந்திருக்கிறது. 25 என்ற எண் தவறா? 30 என்று வைத்துக்கொள்ள வேண்டுமா?

தராசு | ஆகஸ்ட் 4, இரவு

எண்ணைக் குறை சொல்ல வேண்டாம். 30 என்று மாற்றினால் தொல்லை சில நாட்கள் தள்ளிப்போகுமே தவிர நீங்காது. ஏடிஎக்ஸ் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வைல்டர் 1978-இல் கொடுத்த முறைப்படி, மேல்நோக்கிய, கீழ்நோக்கிய நகர்வுகளின் வித்தியாசம் அவற்றின் கூட்டுத்தொகையில் எத்தனை விழுக்காடு என்பதே டிஎக்ஸ். ஒவ்வொரு நாளும் ஏடிஎக்ஸ் தன் பழைய மதிப்பிலிருந்து அன்றைய டிஎக்ஸ் இருக்கும் திசையில், இடைப்பட்ட தூரத்தில் பதினான்கில் ஒரு பங்கு மட்டுமே நகர்கிறது.

```
ADX = ADX[1] + (DX - ADX[1]) / 14
```

ஒரு நல்ல ஏற்றம் முடியும் நாளில் ஏடிஎக்ஸ் 45 என்று கொள்வோம். மறுநாளே சந்தை படுத்துவிட்டது, டிஎக்ஸ் 10-க்கு விழுந்து அங்கேயே இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் ஏடிஎக்ஸ் 25-க்குக் கீழே வர 12 நாட்களும், 20-க்குக் கீழே வர 17 நாட்களும் ஆகும். அதில் முதல் 11 நாளும் உங்கள் விதி போக்கு உத்தியையே எடுக்கச் சொல்லும். ஏடிஎக்ஸ் இறங்கத் தொடங்கியதுமே போக்கு உத்தியை நிறுத்தியிருந்தால் இந்த நட்டங்களில் பெரும்பகுதி தவிர்ந்திருக்கும்.

மருதநிழல் | ஆகஸ்ட் 5, காலை

எனக்கு நேர்ந்ததையும் சொல்கிறேன். ஏடிஎக்ஸ் 22-இலிருந்து 38 வரை ஏறிக்கொண்டே போனது. வலிமை கூடுகிறது என்று நம்பி வாங்கிப் போட்டேன். விலை ஒவ்வொரு நாளும் இறங்கியது. மூன்றாம் நாள் ஸ்டாப் லாஸ் அடித்துவிட்டது. ஏடிஎக்ஸ் ஏறும்போதும் இறக்கம் வருகிறது என்றால், இதை வடிகட்டியாக வைத்து என்ன பயன்?

தராசு | ஆகஸ்ட் 5, மதியம்

மருதநிழல், அங்கே ஏடிஎக்ஸ் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. இறக்கம் வலுத்தாலும் அது ஏறும். திசையை அறிய வேண்டுமானால் மேல்நோக்கிய நகர்வைக் காட்டும் பிளஸ் டிஐ, கீழ்நோக்கியதைக் காட்டும் மைனஸ் டிஐ இரண்டில் எது மேலே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் வாங்கிய நாளில் மைனஸ் டிஐ மேலே இருந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். அந்திவெயில் கேட்டது திசையைப் பற்றியது அல்ல. போக்கு இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யும் இடத்தில் என்ன பிழை நேர்கிறது என்பதுதான் அவர் கேள்வி.

விரைவோடை | ஆகஸ்ட் 5, மாலை

இவ்வளவு சுற்றத் தேவையில்லை. தாமதத்துக்குக் காரணம் 14 என்ற கால அளவு. அதை 7 ஆக்குங்கள், ஏடிஎக்ஸ் சட்டென்று ஏறி சட்டென்று இறங்கும். நான் ஓராண்டாக 7-ஐத்தான் வைத்திருக்கிறேன்.

தராசு | ஆகஸ்ட் 6, காலை

நேற்று முன்தினம் எழுதியதை நானே திருத்த வேண்டியிருக்கிறது. ஏடிஎக்ஸ் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் போதும் என்பதுபோல் எழுதிவிட்டேன். இரவு என் பழைய குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தபோது, எனக்கே அதிக நட்டம் கொடுத்த ஒரு காலப்பகுதியில் ஏடிஎக்ஸ் நாள் தவறாமல் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டேன்.

நடந்தது இதுதான். பல வாரங்களாகச் சந்தை ஒரு குறுகிய பட்டையில் கிடந்தது. ஏடிஎக்ஸ் 15-ஐ ஒட்டி இருந்தது. ஒரு நாள் காலை விலை முந்தைய நாள் விலைகளைத் தாண்டி, நடுவில் வணிகமே நடக்காத பெரிய கேப்புடன் மேலே திறந்தது. அதன்பின் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. திறந்த இடத்திலேயே புதிய பட்டை ஒன்றை அமைத்துக்கொண்டு ஒரு மாதத்துக்கும் மேலாக அங்கேயே ஊசலாடியது. நான்கைந்து நாட்களில் ஏடிஎக்ஸ் 25-ஐத் தாண்டியது, அதன்பிறகும் ஏறியது. போக்கு பிறந்துவிட்டது என்று எண்ணி, பின்வாங்கும் ஒவ்வொரு இடத்திலும் வாங்கினேன். மூன்று முறை வாங்கினேன்; மூன்று முறையும் பட்டையின் கீழ்ப்பாதியில் ஸ்டாப் லாஸ் அடித்தது. மூன்றாவது முறை ஸ்டாப் அடித்த அன்றுகூட ஏடிஎக்ஸ் முந்தைய நாளைவிட உயர்ந்திருந்தது என்று என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

ஆகவே ஏறும் ஏடிஎக்ஸும் பொய் சொல்லும். எப்படி என்பதைக் கணக்காகப் போட்டுவிட்டு வருகிறேன்.

தராசு | ஆகஸ்ட் 6, இரவு

கணக்கைப் போட்டுவிட்டேன். அமைதியான பட்டைச் சந்தை. சராசரி வீச்சு நாளுக்கு 10 புள்ளி. மேல்நோக்கிய நகர்வின் சராசரி 2 புள்ளி, கீழ்நோக்கியதும் 2 புள்ளி. ஏடிஎக்ஸ் 15. இந்த நிலையில் ஒரு நாள் கேப் விழுந்து, அன்றைய உச்சம் முந்தைய நாள் உச்சத்தைவிட 60 புள்ளி மேலே போகிறது. மறுநாள் முதல் மீண்டும் பழையபடி மேலே 2, கீழே 2 என்ற ஊசலாட்டம்.

கேப் விழுந்த அன்று மேல்நோக்கிய சராசரி 2-இலிருந்து 6.14-க்குத் தாவுகிறது, கீழ்நோக்கியது 1.86-க்கு இறங்குகிறது. டிஎக்ஸ் ஏறத்தாழ 53.6. அன்று ஏடிஎக்ஸ் 17.8 மட்டுமே, யாரும் கவனிக்க மாட்டார்கள். இரண்டாம் நாள் 20.2, மூன்றாம் நாள் 22.3, நான்காம் நாள் 24.1, ஐந்தாம் நாள் 25.6. விதி இந்த ஐந்தாம் நாளில்தான் விழித்துக்கொள்கிறது. கேப்புக்குப் பிறகு சந்தை எந்தப் பக்கமும் போகவில்லை என்பது அதற்குத் தெரியாது. பதின்மூன்றாம் நாள் ஏடிஎக்ஸ் 30.6 என்ற உச்சத்தைத் தொடுகிறது. மீண்டும் 25-க்குக் கீழே வருவது இருபத்தைந்தாம் நாளில். ஒரே ஒரு நாளின் நகர்வு, தொடர்ந்து 20 நாட்களுக்குப் போக்கு உத்தியைக் கையில் எடுக்க வைக்கிறது. அதில் முதல் ஒன்பது நாட்களும் ஏடிஎக்ஸ் ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்திவெயில் 30 என்று மாற்றியிருந்தாலும் நடுவில் சில நாட்கள் இந்தக் கண்ணியில் சிக்கியிருப்பார்.

விரைவோடை சொன்ன 7-ஐயும் இதே கணக்கில் போட்டேன். 14-க்கு 13 நாட்களில் வரும் உச்சம் 7-க்கு 8 நாட்களில் வந்துவிடுகிறது. விரைவு என்று அவர் சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் ஏடிஎக்ஸ் இரண்டாம் நாளிலேயே 25-ஐத் தாண்டி, எட்டாம் நாளில் ஏறத்தாழ 43 வரை போய், பத்தொன்பதாம் நாளில்தான் 25-க்குக் கீழே இறங்குகிறது. தவறான நாட்கள் 20-க்குப் பதில் 17. மிச்சம் மூன்று நாள். அதற்கு விலையாக 43 என்ற எண்ணைக் கண்முன் நிறுத்தி, நம் நம்பிக்கையை இன்னும் கெட்டியாக்கிவிடுகிறது.

கணிமுகில் | ஆகஸ்ட் 7, காலை

தராசு போட்ட கணக்கு சரி. இரண்டு சொற்கள் சேர்க்கிறேன்.

முதலாவது: உங்கள் எடுத்துக்காட்டில் மேலும் கீழும் சமமாக 2 என்றால் டிஎக்ஸ் 0 ஆகிவிடும், ஏடிஎக்ஸ் 15 அங்கே நிலைக்காது. உண்மையான பட்டைச் சந்தையில் இரண்டு டிஐயும் மாறி மாறி முந்திக்கொள்வதால்தான் ஏடிஎக்ஸ் பூச்சியத்துக்குப் போகாமல் பதினைந்தை ஒட்டி நிற்கிறது. ஆகவே நீங்கள் சொன்ன 25-ஆம் நாள் என்பதே தாராளமான கணக்கு. நடைமுறையில் பெரும்பாலும் அது இன்னும் மெதுவாகத்தான் இறங்கும்.

இரண்டாவது, இதைப் பலர் கவனிப்பதில்லை. பிளஸ் டிஐ, மைனஸ் டிஐ இரண்டையும் ஒரே சராசரி வீச்சால்தான் வகுக்கிறோம். டிஎக்ஸ் கணக்கிடும்போது வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுக்கிறோம். அப்போது அந்த வீச்சு மேலும் கீழும் அடிபட்டுப் போய்விடுகிறது. நீங்களே பாருங்கள், தராசு தம் கணக்கில் சராசரி வீச்சு 10 என்று சொன்னார். அதன்பிறகு அந்த 10 எங்கும் பயன்படவே இல்லை. ஏடிஎக்ஸுக்கு நகர்வின் பரும அளவு தெரியாது. மேலே போனதும் கீழே போனதும் எந்த விகிதத்தில் என்பது மட்டுமே தெரியும். நாளுக்கு ஒரு புள்ளி வீதம் ஊர்ந்து ஊர்ந்து ஏறும் சந்தையிலும் ஏடிஎக்ஸ் 40-க்குப் போகும். அங்கே போக்கு உண்மையாகவே இருக்கும். ஆனால் தரகுக் கட்டணம் போக நமக்கு எதுவும் மிஞ்சாது.

இதிலிருந்தே இன்னொன்றும் பிறக்கிறது. முந்தைய நாளின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ளேயே முழுவதும் அடங்கிய கேண்டில் வந்தால், அன்றைய நகர்வு இரு பக்கமும் பூச்சியம். இரண்டு சராசரிகளும் ஒரே விகிதத்தில் சுருங்கும்; டிஎக்ஸ் துளியும் மாறாது. பெரிய கேண்டிலுக்குப் பின் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று சிறிய கேண்டில்கள் வந்தால், சந்தை மூச்சுவிடாமல் நிற்கும் அந்த மூன்று நாளும் டிஎக்ஸ் 53.6-இலேயே உறைந்திருக்கும், ஏடிஎக்ஸ் அதை நோக்கி முழுவேகத்தில் ஏறிக்கொண்டிருக்கும்.

தராசு | ஆகஸ்ட் 7, மதியம்

அடங்கிய கேண்டில் பற்றிச் சொன்னதும் என் குறிப்பேட்டின் அந்தப் பக்கத்துக்கே திரும்பப் போனேன். கேப்புக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அடங்கிய கேண்டில்கள்தாம். "விலை ஓய்வெடுக்கிறது, வலிமை கூடுகிறது" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறேன். வலிமை எங்கும் கூடவில்லை. முதல் நாளின் எதிரொலியைத்தான் நான் இரண்டு நாளும் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை ஆண்டுகளாக இந்தக் கருவியைப் பயன்படுத்தியும், சராசரி வீச்சு அடிபட்டுப் போகிறது என்பதைத் தாளில் எழுதிப் பார்க்காமல் இருந்தது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

விரைவோடை | ஆகஸ்ட் 7, இரவு

கேப் விழுந்தால் அப்படித்தான் ஆகும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என் அனுபவத்தில் 7 இன்னோர் இடத்தில் கைகொடுத்திருக்கிறது. பட்டை உடையும்போது 14 மிகத் தாமதமாக எழுகிறது. பக்கவாட்டு உத்தியில் மேல் விளிம்பில் விற்றவன் அதற்குள் நசுங்கிவிடுவான்.

தராசு | ஆகஸ்ட் 8, காலை

அது நியாயமான வாதம். ஏடிஎக்ஸ் 14-இல் இருக்கும்போது டிஎக்ஸ் திடீரென 50-க்குப் போய் அங்கேயே நின்றாலும் ஏடிஎக்ஸ் 25-ஐத் தொட 5 நாட்கள் வேண்டும். டிஎக்ஸ் 40 என்றால் 8 நாட்கள். அந்த நாட்களில் பாதி வரை விதி "20-க்குக் கீழ், மேல் விளிம்பில் விற்கலாம்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். ஆகவே பக்கவாட்டு உத்தியில் ஏடிஎக்ஸை நம்பி ஸ்டாப் லாஸை வைக்கவே கூடாது. பட்டையின் விளிம்புக்கு வெளியே, விலையை வைத்தே ஸ்டாப் இருக்க வேண்டும். இதற்கு மேல் அந்தப் பக்கத்தில் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

போக்குப் பக்கத்துக்கு வருகிறேன். அதுதான் அந்திவெயிலின் சிக்கல். இப்போது நான் செய்வது இது. ஏடிஎக்ஸ் 25-ஐத் தாண்டிய நாளில், கடந்த 14 நாட்களின் நகர்வுகளைப் போக்கின் திசையில் மட்டும் கூட்டுகிறேன். அந்தக் கூட்டுத்தொகையில் மிகப் பெரிய ஒரு நாளின் பங்கு எவ்வளவு என்று பார்க்கிறேன். மேலே போட்ட எடுத்துக்காட்டில் அந்த ஒரு நாள் 60, மற்றப் பதின்மூன்று நாட்கள் சேர்ந்து 26. ஆக மொத்தம் 86-இல் 60, ஏறத்தாழ 70 விழுக்காடு. நான் மூன்றில் ஒரு பங்கை எல்லையாக வைத்திருக்கிறேன். அதற்கு மேல் போனால் ஏடிஎக்ஸ் எதைச் சொன்னாலும் போக்கு என்று கொள்வதில்லை. இந்த மூன்றில் ஒரு பங்கு என்பது என் பழக்கம் மட்டுமே. எந்தக் கோட்பாட்டிலிருந்தும் எடுத்ததல்ல.

மருதநிழல் | ஆகஸ்ட் 8, மாலை

நான் பார்த்த பெரிய ஏற்றங்களில் பாதிக்கு மேல் கேப்பில்தான் தொடங்கியிருக்கின்றன. தராசு சொல்கிறபடி செய்தால் அவை எல்லாம் கைவிட்டுப் போகுமே. மேலும் ஒரு திருத்தம்: என் இறக்கக் கதையில் மைனஸ் டிஐ மேலேதான் இருந்தது. பார்த்துவிட்டேன்.

தராசு | ஆகஸ்ட் 9, காலை

மருதநிழல் கேட்டதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. கேப்பில் தொடங்கும் உண்மையான போக்கைத் தொடக்க நாட்களில் என் முறை தவறவிடும், அது உண்மை. ஆனால் போக்கு உண்மையானதாக இருந்தால் கேப்புக்குப் பிறகும் புதிய உச்சங்கள் வந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு புதிய உச்சமும் கூட்டுத்தொகையைப் பெருக்கி, அந்த ஒரு நாளின் பங்கைக் குறைக்கும். நாளுக்கு 12 புள்ளி வீதம் பத்து நாட்கள் தொடர்ந்தால், பழைய மூன்று நாட்களின் 6 புள்ளியையும் சேர்த்து 60-இன் பங்கு மூன்றில் ஒன்றுக்குக் கீழே வந்துவிடும். பத்து நாள் காத்திருப்பது நீண்ட காலம் என்று தோன்றலாம். எனக்கும் சில சமயம் தோன்றுகிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முதல் நாள் நான் எழுதிய "இறங்கத் தொடங்கியதும் நிறுத்துங்கள்" என்பதிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கூர்மையான ஏற்றம் அப்படியே திரும்பிக் கூர்மையான இறக்கமாக மாறும்போது, பிளஸ் டிஐ 32-உம் மைனஸ் டிஐ 12-உமாக இருந்தவை நடுவில் 22, 22 என்று சந்திக்கின்றன. அந்த நாளில் டிஎக்ஸ் 45-இலிருந்து 0-க்கு வந்துவிடுகிறது. ஏடிஎக்ஸ் விறுவிறுவென்று இறங்கும். சந்தையோ அப்போதுதான் மிக வேகமாக ஓடிக்கொண்டிருக்கும். அந்த இறக்கத்தைப் பார்த்துப் பட்டை உருவாகிறது என்று எண்ணிக் கீழ் விளிம்பில் வாங்கினால் கை சுட்டுக்கொள்ள நேரும். இறங்கும் ஏடிஎக்ஸ் பழைய போக்கு முடிந்தது என்று மட்டும் சொல்கிறது. பக்கவாட்டு வந்துவிட்டது என்று சொல்வதில்லை.

அந்திவெயில் | ஆகஸ்ட் 10, இரவு

7 வணிகங்களையும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் முந்தைய 14 நாட்களைக் கூட்டிப் பார்த்தேன். நான்கில் ஒரே நாளின் பங்கு பாதிக்கு மேல். மூன்று கேப், ஒன்று கேப் இல்லாமல் ஒரே நாளில் நீண்ட கேண்டில். ஐந்தாவதும் ஆறாவதும் கணிமுகில் சொன்ன ஊர்ந்து ஏறும் வகை. சராசரி வீச்சு மிகச் சிறியது, என் ஸ்டாப் லாஸ் ஒரு சாதாரண நாளின் அசைவுக்கே அடிபட்டிருக்கிறது. ஏழாவதுக்கு எந்தக் காரணமும் புலப்படவில்லை. ஏடிஎக்ஸ் 29, நகர்வுகள் எல்லா நாட்களிலும் பரவியிருந்தன, நுழைந்த மறுநாள் விலை திரும்பிவிட்டது. என் மென்பொருளிலேயே இந்தப் பிழை வராமல் தடுக்க வழி உண்டா? ஒவ்வொரு முறையும் கையால் கூட்டுவது கடினமாக இருக்கிறது.

கணிமுகில் | ஆகஸ்ட் 11, காலை

ஏழாவது வணிகம் வணிகத்தின் இயல்பு; அதற்கு வடிகட்டி தேட வேண்டாம். மற்றவற்றுக்கு, ஒரு நாளின் நகர்வுக்கு உச்சவரம்பு வைத்துவிட்டு ஏடிஎக்ஸைக் கணக்கிடலாம். மைனஸ் பக்கத்துக்கும் இதுபோலவே.

```
plusDM_cap = min(plusDM, k * ATR[1])
```

முந்தைய நாள் சராசரி வீச்சு 10, k = 2 என்றால் 60 புள்ளி கேப்பும் 20 என்றே கணக்கில் ஏறும். ஊர்ந்து ஏறும் வகைக்கு இது உதவாது. அங்கே சராசரி வீச்சையே தனியாகப் பார்க்க வேண்டும். ஒரு முன்னெச்சரிக்கை: தரவு குறைந்தது 150 நாட்களாவது இருக்கட்டும். இந்தச் சராசரி பழைய நாட்களை எளிதில் மறப்பதில்லை. குறைந்த தரவில் தொடங்கினால் உங்கள் எண்ணும் வரைபடம் காட்டும் எண்ணும் ஒத்துப்போகாது.

தராசு | ஆகஸ்ட் 12, காலை

கணிமுகில் கொடுத்ததை என் எடுத்துக்காட்டில் போட்டுப் பார்த்தேன். k = 2 என்றால் ஏடிஎக்ஸ் 15-இலிருந்து ஏறி 18-ஐச் சற்றே தாண்டி நின்றுவிடுகிறது; 20-ஐத் தொடவே இல்லை. முதலில் பார்த்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. பிறகுதான் உறைத்தது: 20-க்குக் கீழ் என்றால் அந்திவெயிலின் விதி பக்கவாட்டு உத்தியைச் செயல்படுத்தும். 60 புள்ளி கேப் விழுந்த மறுநாளே அதற்கு எதிராக விற்கச் சொல்லும். மருதநிழல் சொன்னதுபோல் அந்தக் கேப் உண்மையான போக்கின் தொடக்கமாக இருந்துவிட்டால் நட்டம் மிகப் பெரிதாகும்.

k = 3 என்று வைத்தால் ஏடிஎக்ஸ் ஐந்தாம் நாளில் 20-ஐத் தாண்டி, பத்தாம் நாள் வாக்கில் 22-ஐ நெருங்கி நின்றுவிடுகிறது. விதி பக்கவாட்டு உத்தியையும் விட்டுவிடுகிறது, போக்கு உத்தியையும் எடுப்பதில்லை; ஒதுங்கியிருக்கச் சொல்கிறது. கேப்புக்குப் பிந்தைய அந்த இரண்டு வாரங்களில் எனக்கு வேண்டியது அதுதான். ஆனால் முதல் நான்கு நாட்கள் k = 3-இலும் எண் 20-க்குக் கீழேதான் இருக்கிறது. அந்த நான்கு நாட்களுக்குப் பழைய பட்டையின் விளிம்புகள் செல்லாது என்று தனியாக ஒரு விதி எழுத வேண்டும். இல்லாத விளிம்பில் விற்க முடியாது. இன்று முதல் k = 3-ஐயும் அந்தத் தனி விதியையும் சேர்த்து என் குறிப்பேட்டில் தாள் வணிகமாக ஓட்டிப் பார்க்கிறேன். என் எடுத்துக்காட்டின் எண்கள் 2-உம் 60-உமாக இருந்ததால் 3 பொருந்தியது. சத்தம் மிகுந்த சந்தையில் அது 2.5 ஆகலாம், 4-உம் ஆகலாம். நாற்பது கேப்களாவது சேர்ந்த பிறகு இங்கே வந்து எழுதுகிறேன்.